வாசனை இல்லாத கிரீம் என்று வாங்கியும் ஏன் அரிக்கிறது?

கண்ணிமையும் கழுத்தும் அடிக்கடி சிவந்து அரிக்கிறது என்றால் பலரும் முதலில் சோப்பை மாற்றுகிறார்கள், பிறகு கிரீமை மாற்றுகிறார்கள். புதிதாக வாங்கிய கிரீமின் டப்பாவில் ‘அன்சென்டட்’ என்று அச்சிட்டிருக்கிறது. ஆனாலும் அரிப்பு நிற்பதில்லை. முதல் தவறு இந்தச் சொல்லை நம்பியதுதான். ‘அன்சென்டட்’ என்பதற்கு மூக்குக்கு மணம் தெரியாது என்று மட்டுமே பொருள். மூலப்பொருள்களின் சொந்த வாடையை மறைக்க அதிலும் வாசனைப் பொருள் கலந்திருக்கலாம். நமக்கு வேண்டியது ‘ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ’.

அதையும் பின்பக்கப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ‘பர்ஃப்யூம்’ என்ற சொல் இல்லாமலே லாவெண்டர் எண்ணெய், எலுமிச்சைத் தோல் எண்ணெய் போன்றவை தாவரவியல் பெயரில் அங்கே இருக்கக்கூடும். ஒரு கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். ஒரு கிரீமில் லாவெண்டர் எண்ணெய் 0.5% இருக்கிறது என்று கொள்வோம். அந்த எண்ணெயில் ஏறக்குறைய 30% லினலூல் என்ற மணப்பொருள் இருக்கும். அப்படியானால் கிரீமில் லினலூல் 0.15% அளவுக்கு வந்துவிடும். கழுவாமல் தோலிலேயே விடும் பொருளில் லினலூல் 0.001%-ஐத் தாண்டினாலே பெயரைத் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. நம் கிரீமில் இருப்பது அதைப்போல 150 மடங்கு. மணம் செடியிலிருந்து வந்ததா, ஆலையில் செய்ததா என்று தோலுக்குத் தெரியாது. இரண்டிலும் இருப்பது அதே மூலக்கூறுதான். ஆகவே பட்டியலின் கடைசி வரிகளில் லினலூல், லிமோனீன், ஜெரானியால், சிட்ரோனெலோல் ஆகிய பெயர்களைத் தேடுங்கள்.

அடுத்த தவறு, பழைய வாசனை எண்ணெய் பாட்டில். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். புத்தம்புதிய லினலூலும் லிமோனீனும் ஒவ்வாமையை அவ்வளவாக உண்டாக்குவதில்லை. மூடியைத் திறந்து மூடும்போதெல்லாம் காற்று உள்ளே போகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து அவை ஹைட்ரோபெராக்சைடாக மாறுகின்றன. தோலை உசுப்பிவிடுவது பெரும்பாலும் இந்த மாறிய பொருள்தான். போன வருடம் ஒன்றும் செய்யாத அதே டீ ட்ரீ எண்ணெய் இந்த வருடம் அரிப்பைக் கிளப்புவதற்கும் இப்படிக் கெட்டுப்போவது ஒரு காரணம். பாதி காலியான பாட்டில் இப்படிக் கெட்டுப்போக, வெயில் படும் குளியலறை ஜன்னல் நல்ல தோதான இடம்! மணம் மாறியிருந்தாலோ, எண்ணெய் சற்றுக் கெட்டியாகியிருந்தாலோ தோலில் படவிடாதீர்கள். மணம் மாறாததால் மட்டும் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. அதனால் திறந்த தேதியைப் பாட்டிலில் எழுதி, இருட்டான, குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

வாசனை எண்ணெயை நேரடியாகத் தடவுவதும், கண்ணளவில் கலப்பதும் அதே வகைத் தவறுகள். சுமார் 20 சொட்டு 1 மி.லி. ஆகும். 30 மி.லி. தேங்காயெண்ணெயில் 3 சொட்டு விட்டால் 0.5% வரும். முகத்துக்கு அதற்கு மேல் தேவையில்லை. பிழிந்தெடுத்த எலுமிச்சை, பெர்கமாட் தோல் எண்ணெய்களைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் அந்த இடம் புண்ணாகிக் கருத்துவிடலாம். இது ஒவ்வாமை அல்ல, வெயில் பட்டதால் நேரும் எரிவு. அந்த எண்ணெய்களைப் பகலில் தொடாமலிருப்பதே சுலபம்.

சோதித்துப் பார்க்கிறேன் என்று மணிக்கட்டில் தடவி, அரை மணி நேரத்தில் ஒன்றுமில்லை என்று முடிவுகட்டுபவர்கள் நிறைய. தடவிய சில நிமிடங்களில் எரிந்தால் அது பெரும்பாலும் வெறும் எரிச்சல். ஒவ்வாமை தாமதமாக வரும். உடல் ஒரு பொருளை எதிரியாகப் பழகிக்கொள்ளவே பத்து நாளுக்கு மேல் ஆகலாம். பழகியபின்னும் தடவி ஒன்று முதல் மூன்று நாளில்தான் அரிப்பும் சிவப்பும் தலைகாட்டும். எனவே முழங்கையின் உட்புறத்தில், ஒரு ரூபாய் நாணய அளவுக்கு, நாளுக்கு இரண்டு முறை, குறைந்தது ஏழு நாள் தடவிப் பாருங்கள். சந்தேகமிருந்தால் பதினான்கு நாள். ஏற்கெனவே தோல் பிளந்தோ சிவந்தோ இருக்கும் இடத்தில் இந்தச் சோதனை வேண்டாம்.

ஒருமுறை உடல் இப்படிப் பழகிவிட்டால் அந்த நினைவு பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. சிலர் வாசனை இல்லாத பொருளை மட்டுமே வாங்குவது இதனால்தான். எக்சிமா உள்ளவர்களுக்குத் தோலின் காப்பு ஏற்கெனவே தளர்ந்திருப்பதால் வாசனைப் பொருள் உள்ளே புகுவது இன்னும் சுலபம்.

நிறுத்துவதிலும் ஒரு தவறு நடக்கிறது. முகக் கிரீமை மட்டும் மாற்றிவிட்டு, வாசனைத் தலையெண்ணெய், ஷாம்பு, பவுடர், சென்ட் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். ஷாம்பு நுரை கண்ணிமை வழியாகத்தான் வழிகிறது. எல்லாவற்றையும் நான்கு வாரம் சேர்த்து நிறுத்துங்கள். தோல் அடங்கியபின், இரண்டு வாரத்துக்கு ஒன்றாகத் திரும்பச் சேர்த்தால் எது கிளப்புகிறது என்று தெரியும். நிறுத்தியும் அடங்கவில்லையென்றால் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் கேளுங்கள். முதுகில் ஒட்டும் பட்டைகளை இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். அதன்பின் இன்னொரு நாளும் வரச் சொல்வார்கள். முதல் தடவை ஒன்றும் தெரியவில்லையே என்று அந்த இரண்டாவது வருகையைத் தவறவிடாதீர்கள். தாமதமாக வரும் ஒவ்வாமை பல சமயம் அன்றுதான் தெரியும்.