சக ஆசிரியரின் வரைவைத் திருத்தும்போது: வேர்டில் தடம் காட்டும் திருத்தமும் குறிப்பும்

மொரிஷியஸில் தமிழ் ஆசிரியர்களான நம்மில் பலருக்கு வீட்டில் கிரியோல், அலுவலகத்தில் ஆங்கிலமும் பிரெஞ்சும், தமிழோ பெரும்பாலும் பள்ளியில் உழைத்துக் கற்ற மொழி. ஆகவே ஒரு சக ஆசிரியர் தமிழில் எழுதிய சுற்றறிக்கையைத் திருப்பித் தரும்போது பக்கம் முழுவதும் சிவந்திருந்தால், அவர் அதைச் சொற்களின் திருத்தமாகப் பார்ப்பதில்லை. தம் தமிழின் மீதான தீர்ப்பாகவே பார்க்கிறார். ஒருமுறை இளைய ஆசிரியை ஒருவரின் பத்தியை நான் முழுவதுமாக மாற்றி எழுதி அனுப்பினேன். அதன்பின் அவர் நெடுநாள் எனக்கு எதையும் காட்டவில்லை. கீழே சொல்லும் முறை அந்த வருத்தத்திலிருந்து நான் கற்றது.

முதலில் வந்த கோப்பை வேறு பெயரில் சேமித்து, மூலத்தைத் தொடாமல் வையுங்கள். பிறகு படியைத் திறந்து, Review பட்டியில் உள்ள Track Changes பொத்தானை அழுத்துங்கள்; Ctrl+Shift+E அழுத்தினாலும் போதும். அருகிலுள்ள பெட்டியில் All Markup என்று இருக்கட்டும். No Markup என்று இருந்தால் திருத்தங்கள் கண்ணுக்கு மறையுமே தவிர, கோப்பிலிருந்து நீங்குவதில்லை.

இப்போது திருத்தலாம். ஆனால் எதை உரையிலேயே திருத்துவது, எதைக் குறிப்பாக எழுதுவது என்று பிரித்துக்கொள்வதில்தான் இம்முறையின் உயிர் இருக்கிறது. ஒரே சரியான விடை உள்ள பிழையை உரையில் திருத்துங்கள். எழுதியவர் முடிவெடுக்க வேண்டிய எதையும் குறிப்பாக எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, பெற்றோருக்கான வரைவு ஒன்றில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாகக் கொள்வோம்: "தைப்பூச காவடி விடுமுறைக்கு பின் மாணவர் அனைவரும் கட்டாயம் பள்ளிக்கு வர வேண்டும்." இதில் "தைப்பூசக் காவடி", "விடுமுறைக்குப் பின்" என்று இரண்டு ஒற்றுகள் விடுபட்டுள்ளன. வாக்கியத்தை அழித்து மீண்டும் தட்டச்சு செய்யாமல், உரிய இடத்தில் சுட்டியை வைத்து "க்", "ப்" ஆகியவற்றை மட்டும் சேருங்கள். அப்போது இரண்டு எழுத்துகளே நிறம் மாறும். எழுதியவருக்கும் தம் வாக்கியம் அப்படியே இருப்பது தெரியும்.

தமிழுக்கென்றே ஒரு விதிவிலக்கு உண்டு. "பணி" என்பதைப் "பனி" என்று மாற்றுவது போல, உயிர்க்குறி சேர்ந்த எழுத்து மாற வேண்டிய இடத்தில் குறியை மட்டுமோ எழுத்தை மட்டுமோ அழித்தால், அடித்ததும் சேர்த்ததும் கலந்து படிக்கவே முடியாமல் போகும். அங்கு முழுச் சொல்லையும் நீக்கிப் புதிதாக எழுதுவதே தெளிவு.

ஒற்றுப் பிழை பல இடங்களில் வந்தால், முதல் இடத்தில் மட்டும் காரணத்தைக் குறிப்பாக எழுதி, "இதே வகை பிற இடங்களிலும் சேர்த்துள்ளேன்" என்று முடித்துவிடுங்கள். ஒரே பாடத்தை ஒன்பது முறை சொன்னால் அது பாடமாக இராது.

அதே வாக்கியத்தில் "கட்டாயம்" என்ற சொல் கடுமையாக உங்களுக்குப் பட்டால், அதை நீங்களே நீக்காதீர்கள். தலைமை ஆசிரியர் கேட்டு எழுதிய சொல்லாகவும் அது இருக்கலாம். சொல்லைத் தேர்ந்தெடுத்து New Comment அழுத்துங்கள். "இது சரியில்லை" என்று எழுதினால் எழுதியவருக்கு எதுவும் விளங்காது. படிக்கிறவருக்கு என்ன நேரும், அதற்கு ஒரு மாற்று என்ன, இரண்டையும் சொல்லி முடிவை அவரிடமே விடுங்கள்:

"காவடி எடுத்துக் களைத்த பிள்ளையின் பெற்றோர் இச்சொல்லைக் கண்டிப்பு என்று எண்ணக்கூடும் எனத் தோன்றியது. எந்த நாள் என்று தேதியைச் சொல்லி, 'அன்று அனைவரும் வருமாறு கேட்டுக்கொள்கிறோம்' என்று எழுதலாமா? அலுவலகம் கேட்ட சொல் என்றால் அப்படியே இருக்கட்டும்."

"நீங்கள் தவறாக எழுதியுள்ளீர்கள்" என்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, பேச்சு எழுதியவரை விட்டுப் படிப்பவர் பக்கம் போவதில்தான் இருக்கிறது. புதிய பதிப்புகளில் குறிப்பை எழுதியபின் அம்புக்குறியையோ Ctrl+Enter-ஐயோ அழுத்தினால்தான் அது பதிவாகும். இதை மறப்பவர் பலர்.

அனுப்பும் முன் Reviewing Pane-ஐத் திறந்து, நீங்கள் செய்த திருத்தங்கள் அனைத்தும் பட்டியலில் உள்ளனவா என்று பாருங்கள். ஏதேனும் விடுபட்டிருந்தால், தடம் அணைந்திருந்த நேரத்தில் திருத்தியிருக்கிறீர்கள். அஞ்ச வேண்டாம்: Review பட்டியில் Compare-ஐ அழுத்தி, நீங்கள் ஒதுக்கி வைத்த மூலத்தை Original document ஆகவும், திருத்திய படியை Revised document ஆகவும் கொடுங்கள். ஆனால் ஏற்கெனவே தடம் காட்டிய திருத்தங்களை ஏற்றுக்கொண்டதாகவே வேர்ட் எண்ணி, எல்லா வேறுபாடுகளையும் புதிய கோப்பில் நிறமிட்டுத் தரும். எனவே உங்கள் குறிப்புகள் அதில் வந்துள்ளனவா என்று ஒருமுறை சரிபாருங்கள்.

Accept, Reject பொத்தான்களை நீங்கள் தொடாதீர்கள். அவை எழுதியவருக்கு உரியவை. கோப்பின் முதல் வரியில் ஒரு குறிப்பு மட்டும் சேர்த்து அனுப்புங்கள்: "உரையில் உள்ளவை ஒற்றுத் திருத்தங்கள் மட்டுமே. உங்கள் முடிவு வேண்டியது 2 இடங்களில். அவற்றைக் குறிப்பாக வைத்துள்ளேன்."