ஒரே ஸ்லைடு, இரண்டு நிமிடப் பேச்சு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளியில் பெற்றோர் கூட்டம். டெங்கு பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்று முந்தின நாள் இரவு வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்லைடின் ஸ்கிரீன்ஷாட் வருகிறது. அதில் இருப்பது இவ்வளவுதான்:

- ஏடிஸ் கொசு – பகலில் கடிக்கும்
- தேங்கிய நல்ல நீரில் முட்டை
- முட்டை → கொசு: 7–10 நாள்
- வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுதல்
- காய்ச்சல்: பாராசிட்டமால் மட்டும்; ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் கூடாது

இதைப் பேச்சாக எழுத உட்காரும்போது பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு, படத்தைச் சரிபார்க்காமலே எழுதத் தொடங்குவது. எனக்கு ஒருமுறை இதே போன்ற ஸ்லைடு வந்தபோது கடைசி வரி மடங்கி, ‘கூடாது’ என்ற சொல் மட்டும் கீழே போய், ஸ்கிரீன்ஷாட்டில் வெட்டுப்பட்டிருந்தது. படத்தில் இருந்ததை அப்படியே எழுதியிருந்தால், ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும் மாத்திரைகளைப் போடச் சொன்னதாக ஆகியிருக்கும். அதனால் முதலில் படத்தைப் பெரிதாக்கி, புள்ளிகளை எண்ணுங்கள். கடைசி வரி முடிகிறதா, எண்கள் தெளிவாக இருக்கின்றனவா என்று பாருங்கள். சந்தேகம் என்றால் அனுப்பியவரிடமே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது, ஸ்லைடின் மொழியிலேயே பேசுவது. ‘வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுதல்’ என்று யாரும் பேசமாட்டார்கள். யார், எதை, எப்போது என்று வினையோடு சொல்ல வேண்டும்: “ஞாயிற்றுக்கிழமை தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, உட்சுவரை நாரால் நன்றாகத் தேயுங்கள்.” கோடும் அம்புக்குறியும் வாயில் வராது. ‘7–10 நாள்’ என்பதை “ஏழிலிருந்து பத்து நாளுக்குள்” என்றே எழுதி வையுங்கள். மேடையில் நின்று மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் அங்கேதான் நாக்கு தடுமாறும்.

இனி, இணைப்பு. பேச்சு கெடுவது அதிகமும் இங்கேதான். ‘அடுத்ததாக’, ‘அடுத்து பார்த்தீர்களானால்’ என்று ஐந்து முறை சொன்னால் அது இணைப்பு ஆகாது. இந்தப் புள்ளி ஏன் முந்தின புள்ளிக்குப் பின்னால் வருகிறது என்ற காரணம்தான் இணைப்பு. நம் ஸ்லைடில் அதைத் தேடிப் பார்ப்போம்.

கொசு பகலில் கடிக்கிறது. அப்படியானால் இரவில் கட்டும் கொசுவலை மட்டும் போதாது. அது பிறக்கும் இடத்திலேயே தடுக்க வேண்டும். எங்கே பிறக்கிறது? இந்தக் கேள்வியே இரண்டாம் புள்ளிக்குக் கொண்டுபோய்விடும்: “சாக்கடையில் இல்லை, நாம் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில், பூந்தொட்டித் தட்டில், மாடியில் கிடக்கும் பழைய டயரில்.” அந்தத் தண்ணீர் எத்தனை நாள் அப்படியே கிடந்தால் ஆபத்து என்பதற்கு மூன்றாவது பதில் சொல்கிறது. பத்து நாளுக்குள் கொசு பறந்துவிடும் என்றால், ஏன் வாரம் ஒருமுறை என்பது தானாகவே விளங்கும். ஏன் தேய்க்க வேண்டும் என்பதையும் ஒரு வாக்கியத்தில் சேர்த்துவிடுங்கள்: முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வெறுமனே கொட்டினால் போகாது.

நான்கிலிருந்து ஐந்துக்குப் போவதுதான் கடினம். பேச்சு கொசுவிலிருந்து மாத்திரைக்குத் தாவுகிறது. இங்கே காரணத்தொடர் இல்லாததால், கேட்பவர் மனதில் இருக்கும் பயத்தையே பாலமாக வைக்க வேண்டும்: “சரி, இத்தனையும் செய்த பிறகும் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிட்டால்? மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், அதுவும் மருத்துவர் சொன்ன அளவில். ஆஸ்பிரினோ இப்யூபுரூஃபனோ நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.”

இணைப்பு சிக்காதபோது வரிசையை மாற்றிக்கொள்ளத் தோன்றும். மாற்றாதீர்கள். திரையில் மூன்றாவது வரியைப் பார்த்துக்கொண்டிருப்பவர் காதில் ஐந்தாவது விழுந்தால், அவர் தேடத் தொடங்கிவிடுவார். அதற்குள் நீங்கள் இரண்டு வாக்கியம் போயிருப்பீர்கள்.

எல்லாப் புள்ளிக்கும் சமமாக நேரம் பிரிப்பதும் வேண்டாம். இங்கே முதல் புள்ளிக்கு இரண்டு வாக்கியம் போதும். கழுவுவதும் மாத்திரையும் அவர்கள் வீட்டில் செய்ய வேண்டியவை, நேரத்தை அங்கே கொடுங்கள். எழுதி முடித்ததும் கைபேசியில் நேரம் வைத்து, வாய்விட்டு, கூட்டத்தில் பேசும் நிதானத்தில் வாசித்துப் பாருங்கள். கண்ணால் வாசித்தால் எப்போதும் குறைவாகவே காட்டும். இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் டயர், பூந்தொட்டி போன்ற உதாரணங்களில் ஒன்றை எடுத்துவிடலாம். பாலமாக நிற்கும் கேள்விகளை மட்டும் எடுக்காதீர்கள்.