வட்டி உயர்ந்தும் யென் ஏன் சரிந்தது? பிப் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 மார்ச் 19 அன்று ஜப்பானின் மத்திய வங்கி 17 ஆண்டுகளில் முதல்முறையாக வட்டியை உயர்த்தியது. வட்டி ஏறினால் நாணயமும் ஏறும் என்று நம்பி, அறிவிப்புக்குச் சற்று முன் யென்னை வாங்கியவர்களுக்கு அன்றே நஷ்டம். ஒரு டாலருக்கு 149 யென் என்ற அளவில் இருந்த மாற்று விகிதம் அன்றைக்கே 150-ஐத் தாண்டிவிட்டது.

இங்கே முதலில் தடுமாறுவது திசையில்தான். USD/JPY என்பது டாலரும் யென்னும் சேர்ந்த நாணய ஜோடி. அதன் எண், ஒரு டாலர் வாங்க எத்தனை யென் வேண்டும் என்பதைக் காட்டுகிறது. எண் ஏறினால் டாலர் வலுக்கிறது, யென் இளைக்கிறது. யென் உயரும் என்று நினைப்பவர் இந்த ஜோடியை விற்க வேண்டும். இதில் குழம்பி, சரியாகக் கணித்தும் தவறான பக்கம் நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது, செய்தியை மட்டும் பார்த்து, சந்தை ஏற்கெனவே என்ன எதிர்பார்த்திருந்தது என்பதைப் பார்க்காமல் விடுவது. மார்ச் மாத உயர்வைப் பற்றி ஜப்பானியப் பத்திரிகைகள் முன்கூட்டியே எழுதிவிட்டன. அதை எதிர்பார்த்த வாங்கல், விற்றல் எல்லாம் அப்போதே விலையில் கலந்துவிட்டன. மேலும், உயர்ந்த பிறகும் ஜப்பானிய வட்டி 0.1 சதவீதத்தைத் தாண்டவில்லை. அமெரிக்காவில் அது 5.25 முதல் 5.5 சதவீதம். யென்னில் கடன் வாங்கி டாலரில் வைப்பது அப்போதும் லாபம்தான். அடுத்த உயர்வு விரைவில் வரும் என்ற குறிப்பையும் வங்கி தரவில்லை. அதே ஆண்டு ஜூலை 31 அன்று அதே வங்கி வட்டியை 0.25 சதவீதமாக உயர்த்தி, இன்னும் உயர்த்தலாம் என்று சொன்னபோது நடந்தது நேர்மாறானது. சந்தையில் பலர் அதை எதிர்பார்க்கவில்லை. இரண்டு நாளில் அமெரிக்க வேலைவாய்ப்புப் புள்ளிவிவரமும் மோசமாக வந்தது. யென்னில் கடன் வாங்கியிருந்தவர்கள் அதைத் திருப்பிக் கட்ட யென்னை வாங்க ஓடினார்கள். ஆகஸ்ட் 5 அன்று டாலர் 142 யென் அருகே இறங்கியது. விகிதத்தை நகர்த்துவது வட்டியின் அளவு மட்டும் அல்ல. எதிர்பார்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளி.

இந்த நகர்வுகளை அளக்கும் அலகுதான் பிப். பெரும்பாலான ஜோடிகளில் அது நான்காவது தசம இடம்: EUR/USD 1.0850-இலிருந்து 1.0851 ஆனால் ஒரு பிப். யென் ஜோடிகளில் அது இரண்டாவது தசம இடம்: 149.30 என்பது 149.31 ஆனால் ஒரு பிப். திரையில் கூடுதலாக ஓர் இலக்கம் தெரிவது வழக்கம், 149.305 என்பதில் உள்ள கடைசி 5 அரை பிப் மட்டுமே. விலை எதிர்ப்பக்கம் இவ்வளவு நகர்ந்தால் தானாக வெளியேறிவிட வேண்டும் என்று முன்கூட்டியே வைப்பது நஷ்ட வரம்பு. அதை அந்தக் கடைசி இலக்கத்தின் கணக்கில் கேட்கும் மென்பொருள்கள் உண்டு. 20 பிப் என்று நினைத்து அங்கே 20 என்று போட்டால், உண்மையில் வைத்தது 2 பிப் வரம்பு. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசமே அதைத் தட்டிவிடும்.

பிப்புக்கு நிலையான பண மதிப்பு இருப்பதாக எண்ணுவதுதான் நான் அதிகம் கவலைப்படும் தவறு. மார்ச் 19-க்கே ஒரு கணக்குப் போடுவோம். ஒருவர் 10,000 டாலர் அளவுக்கு USD/JPY-ஐ 149.30-இல் விற்று, 150.80-இல் வெளியேறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நகர்வு 1.50 யென், அதாவது 150 பிப். ஒரு பிப்புக்கு 100 யென் என்பதால் நஷ்டம் 15,000 யென். அன்றைய விகிதத்தில் சுமார் 99 டாலர். அதே 150 பிப்பை 10,000 யூரோ அளவில் EUR/USD-இல் இழந்திருந்தால் சரியாக 150 டாலர். கையிருப்பைப்போல் 50 மடங்கு வணிகம் செய்ய அனுமதிக்கும் கணக்கில் இந்த யென் வணிகத்துக்கு வைத்த முன்பணம் 200 டாலர்தான். அதில் ஏறக்குறைய பாதி ஒரே நாளில் போகிறது. ஆகவே முதலில் எவ்வளவு பணத்தை இழக்கத் தாங்கும் என்று முடிவு செய்து, அதை நஷ்ட வரம்பின் பிப் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு பிப்புக்கு எவ்வளவு இழக்கலாம் என்று பார்த்து, அதற்கேற்ற அளவில்தான் வணிகம் செய்ய வேண்டும்.

இந்தியப் பங்குச் சந்தைகளின் டாலர்-ரூபாய் ஒப்பந்தத்துக்கு இந்தப் பிப் கணக்கை அப்படியே கொண்டுபோகக் கூடாது. அங்கே விலையின் மிகச் சிறிய நகர்வு 0.0025 ரூபாய், 1,000 டாலர் ஒப்பந்தத்தில் அது 2.50 ரூபாய்.

கணக்கு சரியாக இருந்தாலும் நஷ்ட வரம்பு குறித்த விலையிலேயே நிறைவேறும் என்ற உறுதி இல்லை. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் தேசிய வங்கி, யூரோவுக்கு 1.20 பிராங்க் என்று காத்துவந்த அடித்தளத்தைத் திடீரெனக் கைவிட்டது. சில நிமிடங்களில் யூரோ ஒரு பிராங்குக்கும் கீழே விழுந்தது. இடையே வாங்க ஆளே இல்லாததால், 1.20-க்குச் சற்றுக் கீழே வைத்திருந்த வரம்புகள் ஆயிரம் பிப்புக்கும் மேல் தள்ளி நிறைவேறின. போட்ட பணம் முழுவதையும் இழந்த பிறகும் தரகருக்குக் கடன்பட்டவர்கள் இருந்தார்கள்.