சாங்ஷன் லெட்டரின் முன்நிபந்தனைகளை ஆவணங்களோடு பொருத்துவது எப்படி?

வங்கி கடனுக்கு அனுமதி கொடுத்த பிறகும் பணம் வராமல் வாரக்கணக்கில் இழுத்தால், சாங்ஷன் லெட்டரின் பின்பக்கங்களில் உள்ள முன்நிபந்தனைகளை எடுத்துப் பாருங்கள். கேட்ட ஆவணம் கொடுத்திருப்போம், ஆனால் அதில் வங்கிக்கு வேண்டிய விஷயம் இருக்காது. இதைத் தவிர்க்கும் வழியை ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம்.

திருப்பூரில் ஒரு பிரைவேட் லிமிடெட் பின்னலாடை நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். 60 லட்சம் ரூபாய் இயந்திரத்துக்கு வங்கி 45 லட்சம் அனுமதித்திருக்கிறது. பிணை, ஓர் இயக்குநரின் சொந்தப் பெயரில் உள்ள கட்டடம்.

படி 1: நிபந்தனையை உடையுங்கள்

லெட்டரில் ஒரே எண்ணுக்குள் இரண்டு மூன்று நிபந்தனைகள் ஒளிந்திருக்கும். "இயக்குநர்களின் உத்தரவாதமும், சொத்தின் மீது முதல் அடமானமும், வங்கியின் பெயர் சேர்த்த இன்சூரன்ஸும்" என்று 7-ஆம் எண்ணில் இருந்தால் அது 7அ, 7ஆ, 7இ என மூன்று வரிகள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே நான்கு விஷயங்களை எழுதுங்கள்: எந்த ஆவணம், யார் தருவது, அதில் என்ன வாசகம் இருக்க வேண்டும், எப்போதைக்குள்.

கடைசிக் கேள்வி முக்கியம். சில நிபந்தனைகள் பணம் வழங்கிய பிறகுதான் நிறைவேறும். இயந்திரத்தின் மீது வங்கிக்குள்ள பிணை உரிமையைப் பதியும் CHG-1 படிவத்தை, அந்த உரிமை உருவான 30 நாட்களுக்குள் கம்பெனிகள் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். வந்து சேராத இயந்திரத்துக்கு இன்சூரன்ஸ் பாலிசியும் வழக்கமாக முன்கூட்டியே கிடைக்காது. இப்படி ஒன்று முன்நிபந்தனைப் பட்டியலில் இருந்தால், அதைப் பின்னால் தள்ளும்படி எழுத்தில் கேளுங்கள். கிளை மேலாளர் வாய்மொழியாகச் சரி என்றால் போதாது, கடனை அனுமதித்த அதிகாரியின் ஒப்புதல் வேண்டும்.

படி 2: போர்டு தீர்மானம்

கடன் வாங்க ஒப்புதல் என்று பொதுவாக எழுதிய தீர்மானம் திரும்பி வரும். லெட்டரின் எண், தேதி, தொகை, யார் கையெழுத்திடுவார், எந்தச் சொத்துகள் பிணை ஆகியவை அதில் இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் கட்டடம் இயக்குநருடையது. ஆகவே கம்பெனியின் தீர்மானம் அந்த அடமானத்துக்குப் போதாது. உரிமையாளராக அவரே பத்திரங்களை ஒப்படைத்துக் கையெழுத்திட வேண்டும். அதற்குத் தனி வரி போடுங்கள்.

படி 3: வில்லங்கச் சான்று

எனக்குத் தெரிந்து அதிகம் தடுமாறுவது இங்கேதான். லெட்டர் 30 வருட ஈசி கேட்கிறது, நீங்களும் எடுத்துவிட்டீர்கள். அப்புறம் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலில் சர்வே எண். பழைய பத்திரத்தில் 112/2 என்று இருந்து, உட்பிரிவான பிறகு பட்டாவில் 112/2B என்று மாறியிருந்தால், இரண்டு எண்களுக்கும் தேட வேண்டும். ஒன்றை மட்டும் தேடினால் மற்றதன் கீழ் பதிவான விற்பனையோ அடமானமோ ஈசியில் தெரியாது.

அடுத்து, சான்று எந்தத் தேதி வரைக்கும் இருக்கிறது என்பது. போன மாதம் எடுத்த ஈசி, அதற்குப் பின் நடந்ததைச் சொல்லாது. அடமானம் வைப்பதற்குச் சற்று முன்பு இன்னொன்று எடுக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, பழைய கடன். வேறொரு வங்கியில் வைத்த அடமானத்தை அடைத்து, அவர்களிடம் தடையில்லாக் கடிதமும் வாங்கியிருக்கலாம். ஆனால் அடமானம் பதிவாகியிருந்து, அதை ரத்து செய்யும் ரசீது ஆவணத்தைப் பதியாமல் விட்டால், ஈசியில் அந்த அடமானம் அப்படியே நிற்கும். கடிதம் மட்டும் அதை நீக்காது. ரசீதைப் பதிந்து, அது இடம்பெற்ற புதிய ஈசியைக் கோப்பில் வையுங்கள்.

படி 4: சொந்தப் பங்கு

60 லட்சத்தில் 45 போக மீதி 15 லட்சம் நம்முடையது. ஆடிட்டரிடம் 15 லட்சத்துக்குச் சான்று வாங்கிவிடுவோம். ஆனால் விற்பவரின் விலைப்பட்டியலில் 18 சதவீத ஜிஎஸ்டி 10.80 லட்சம் சேர்ந்து 70.80 லட்சம் இருக்கும். வங்கி ஜிஎஸ்டியைத் திட்டச் செலவில் சேர்க்காவிட்டால், நீங்கள் காட்ட வேண்டியது 25.80 லட்சம். வரி பின்னால் உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பக் கிடைக்கலாம், ஆனால் விற்பவருக்கு இப்போதே கொடுத்தாக வேண்டும். எனவே லெட்டரில் திட்டச் செலவு எப்படிக் கணக்கிடப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஆடிட்டர் சான்றோடு, அந்தப் பணம் உங்கள் கணக்கிலிருந்து விற்பவருக்குப் போனதைக் காட்டும் வங்கி ஸ்டேட்மென்டையும், விற்பவர் தந்த ரசீதையும் இணையுங்கள். சான்றில் உள்ள தொகையும் ஸ்டேட்மென்டில் உள்ள தொகையும் ஒத்துப்போக வேண்டும்.

படி 5: ஒப்படைப்பு

நிபந்தனை எண் வாரியாக ஒரு முகப்புக் கடிதம் எழுதி, ஆவணங்களை அதே வரிசையில் இணைத்துக் கொடுங்கள். இன்னொரு நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். லெட்டர் எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் பாருங்கள். அடமான ரத்து ரசீதைப் பதிவது போன்ற வேலை இழுத்தடித்து அந்தத் தேதி நெருங்கினால், கெடு முடிவதற்குள் நீட்டிப்புக்கு எழுதிக் கொடுங்கள்.