தனியாக விளையாடும் கேம் நெட் இல்லாமல் ஓடுமா? காசு கொடுக்கும் முன் பார்ப்பது எப்படி

பெங்களூரில் பிஜியில் தங்கியிருப்பவர்களுக்கு நெட் நிலவரத்தை விளக்கத் தேவையில்லை. ஒரு மாடி முழுக்க ஒரே ரவுட்டரில் இருக்கும். சாயங்காலம் மழை வந்து கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும், வைஃபை போய்விடும். அப்புறம் போன் ஹாட்ஸ்பாட்தான், அதிலும் ஒரு நாளைக்கு 2 ஜிபி. அதனால் பலரும் மல்டிபிளேயர் பக்கமே போகாமல், கதையோடு தனியாக விளையாடும் கேமாகப் பார்த்து வாங்குகிறார்கள். அந்த முடிவு சரிதான். ஆனால் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தின் பக்கத்தில் `Single-player` என்று இருந்தால், கூட ஆள் வேண்டாம் என்றுதான் அர்த்தம். நெட் வேண்டாம் என்று அந்த வார்த்தை எங்கேயும் சொல்லவில்லை.

மடிவாளாவில் தங்கியிருக்கும் சேலத்துத் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: "அண்ணா, ஹிட்மேன் ஆஃபர்ல போகுது. ஸ்டோரி கேம்தானே, நெட் இல்லாம ஓடும்ல?" ஓடும், ஆனால் அவர் நினைக்கிற மாதிரி ஓடாது. அந்தக் கேமையே உதாரணமாக வைத்து, எங்கே எதைப் பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில்: கேம் நெட்டை எதற்குக் கேட்கிறது?

மூன்று விதம் உண்டு. ஒன்று, முதல் தடவை திறக்கும்போது மட்டும் நெட் கேட்டு, நீங்கள் காசு கொடுத்து வாங்கியதுதானா என்று சரிபார்த்துவிட்டு விட்டுவிடும். இரண்டாவது, அவ்வப்போது மறுபடி சரிபார்க்கும். டெனுவோ என்ற பாதுகாப்பு உள்ள கேம்கள் இந்த வகை. வழக்கமாக ஆஃப்லைனில் ஓடும், ஆனால் விண்டோஸ் அப்டேட் ஆனாலோ கணினியில் பாகம் மாற்றினாலோ திரும்ப ஒரு தடவை நெட் கேட்கலாம். இந்த இரண்டையும் ஹாட்ஸ்பாட்டை வைத்தே சமாளித்துவிடலாம்.

மூன்றாவதுதான் நமக்கு ஆகாதது. விளையாடும் நேரம் முழுக்க சர்வரோடு தொடர்பு வேண்டும். ஏனென்றால் உங்கள் சேவ், நீங்கள் திறந்த ஆயுதங்கள், எட்டிய லெவல் எல்லாம் உங்கள் டிஸ்க்கில் இல்லை, அவர்களுடைய சர்வரில் இருக்கிறது. எனவே ஒரு கேமைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: நான் விளையாடிச் சேர்த்தது எங்கே இருக்கிறது?

படி 1: ஸ்டோர் பக்கத்தின் வலது ஓரம்

ஸ்டீம் பக்கத்தைக் கணினி பிரவுசரில் திறங்கள். போனில் திறந்தால் இந்தப் பகுதி கீழே எங்கோ போய்விடும், கண்ணில் படாது. வலது பக்கம் `Single-player`, `Steam Achievements` என்று வசதிகளின் பட்டியல் இருக்கும். அதையொட்டிக் கீழே சில பெட்டிகள் இருக்கும். தேட வேண்டியது இந்த இரண்டு வரிகளை:

```
Requires 3rd-Party Account
Incorporates 3rd-party DRM
```

முதல் வரி இருந்தால் ஸ்டீம் அக்கவுண்ட் மட்டும் போதாது. யூபிசாஃப்ட், ராக்ஸ்டார், ஈஏ என்று அந்தக் கம்பெனியின் அக்கவுண்டும், பெரும்பாலும் கேமைத் திறக்க அவர்கள் தரும் தனி மென்பொருளான லாஞ்சரும் வேண்டும். DRM என்பது காசு கொடுக்காத பிரதி ஓடாமல் தடுக்கும் பூட்டு, இரண்டாவது வரியில் டெனுவோ போன்றவற்றின் பெயர் இருக்கும்.

அடுத்து `System Requirements` பகுதியில் `Network: Broadband Internet connection` என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மேலும் விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான். மல்டிபிளேயரும் உள்ள கேமில் அதற்காகவே இந்த வரியைப் போட்டிருப்பார்கள். அதே மாதிரி இந்த வரி இல்லை என்பதாலும் நிம்மதியாகிவிட முடியாது. இந்தத் தகவல்களை நிரப்புவது கேமை விற்பவர்கள்தான். ஒரு வரி விடுபட்டிருக்கலாம்.

லாஞ்சர் வரியைப் பார்த்ததும் கேமை ஒதுக்கிவிட வேண்டாம் என்பது என் கருத்து. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2க்கு ராக்ஸ்டார் லாஞ்சரும் அக்கவுண்டும் கட்டாயம். ஆனால் ஒரு தடவை நெட்டில் திறந்து உள்ளே நுழைந்துவிட்டால் அதன் கதைப் பகுதியை ஆஃப்லைனில் விளையாடலாம், சேவ் உங்கள் கணினியிலேயே இருக்கும். ஹிட்மேன் நேர்மாறு. கதை கேம் என்பதால் சாதுவாகத் தெரியும். சிக்கல் எல்லாம் உள்ளே இருக்கிறது. அதை ஸ்டோர் பக்கத்தை மட்டும் பார்த்து முழுதாகத் தெரிந்துகொள்ள முடியாது.

படி 2: PCGamingWiki

இந்தத் தளத்தில் கேமின் பெயரைத் தேடுங்கள். வாங்குகிறவர்களே சேர்ந்து எழுதும் தளம் இது. ஒவ்வொரு கேமின் பக்கத்திலும் `Availability` என்ற அட்டவணை இருக்கும். எந்தக் கடையில் கிடைக்கிறது, அந்தக் கடையின் பிரதியில் என்ன `DRM` இருக்கிறது, என்ன குறிப்பு என்று வரிவரியாகப் போட்டிருப்பார்கள். ஒரே கேம் ஸ்டீமில் ஒரு விதமாகவும் ஜிஓஜி என்ற இன்னொரு ஆன்லைன் கடையில் வேறு விதமாகவும் இருக்கும். நீங்கள் வாங்கப்போகும் கடையின் வரியைப் படியுங்கள். அட்டவணைக்கு அடியில் இருக்கும் குறிப்புகளையும் விடாதீர்கள், ஆன்லைன் கட்டாயம் பற்றிய தகவல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஜிஓஜியில் இருந்தாலே பயமில்லை என்று ஒரு நம்பிக்கை உண்டு. பெரும்பாலும் உண்மை. அங்கே இன்ஸ்டாலரையே இறக்கி வைத்துக்கொள்ளலாம், சரிபார்ப்பு எதுவும் கிடையாது. ஆனால் 2021 செப்டம்பரில் இதே ஹிட்மேன் தொடரின் 2016 கேம் ஜிஓஜியில் வந்தது. பூட்டு இல்லாத கேம்களை விற்கும் கடையில், நெட் இல்லாவிட்டால் பாதி வசதி கிடைக்காத கேமா என்று வாங்கியவர்கள் கொதித்துப்போய் விமர்சனம் எழுதினார்கள். அடுத்த மாதமே ஜிஓஜி அதை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. அவர்கள் கொதித்ததில் முழு நியாயம் இருந்தது.

படி 3: நெட் அறுந்தவர்கள் எழுதியதைப் படிப்பது

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஸ்டீம் பக்கத்தின் கீழே விமர்சனங்களில் `Negative` மட்டும் தேர்ந்தெடுங்கள். பிறகு அந்தக் கேமின் `Discussions` பகுதிக்குப் போய்த் தேடும் பெட்டியில் இவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்:

```
offline
connection lost
server down
save
```

"ஆஃப்லைனில் ஓடுகிறது" என்று ஒருவர் எழுதியிருந்தால் அதோடு நிற்காதீர்கள். ஓடுவது வேறு, முழுதாக ஓடுவது வேறு. தம்பி கேட்ட ஹிட்மேன் வேர்ல்ட் ஆஃப் அசாசினேஷன் நெட் இல்லாமலும் திறக்கும், மிஷனுக்குள்ளும் போகலாம். ஆனால் ஒரு இடத்தைத் திரும்பத் திரும்ப விளையாடிப் புது ஆயுதங்களையும் புது நுழைவு வழிகளையும் திறப்பதுதான் அந்தக் கேமின் உயிர். ஆஃப்லைனில் சவால்கள் கணக்கில் ஏறாது, எதுவும் திறக்காது, ஏற்கெனவே திறந்து வைத்ததும் கைக்கு வராது. ஃப்ரீலான்சர் என்ற பகுதிக்கு நெட் கட்டாயம். இன்னொன்று, நெட்டில் இருக்கும்போது போட்ட சேவ் ஆஃப்லைனில் திறக்காது. பாதி மிஷனில் கரண்ட் போய் வைஃபை அறுந்தால், நெட் திரும்பும்வரை அந்தச் சேவ் இருந்தும் பயனில்லை. மடிவாளா தம்பிக்கு நான் சொன்ன பதிலும் இதுதான். அவர் விரும்பியது அந்த ஃப்ரீலான்சர் பகுதியைத்தான் என்பதால் வாங்கவில்லை.

படிக்கும்போது தேதியையும் பாருங்கள். 2013 மார்ச்சில் வந்த சிம்சிட்டிக்கு நெட் கட்டாயமாக இருந்தது. ஒரு வருடம் கழித்து ஆஃப்லைன் வசதி கொடுத்தார்கள். அந்த முதல் வருடத்துக் கோபத்தை மட்டும் படித்தால் தவறான முடிவுக்கு வருவோம். எதிர்ப்பக்கமும் உண்டு. 2014இல் வந்த தி க்ரூ என்ற கார் பந்தயக் கேமைத் தனியாகவே விளையாட முடிந்தது. ஆனால் 2024 மார்ச் 31இல் யூபிசாஃப்ட் சர்வரை நிறுத்தியதும், டிஸ்க் வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்கள்கூட விளையாட முடியாமல் போனது.

படி 4: வாங்கிய பிறகு சோதிப்பது, அதற்கும் முன்னால் ஒரு கணக்கு

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். டவுன்லோட் ஆகும் நேரம் அந்த 2 மணியில் சேராது, ஆனால் 14 நாளில் சேரும். நெட் மெதுவாக இருப்பவர்கள் கோட்டைவிடும் இடம் இது. 50 ஜிபி கேமை 4 எம்பிபிஎஸ் வேகத்தில் இறக்க, தடங்கலே இல்லாமல் போனால்கூட 28 மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்கு 2 ஜிபி ஹாட்ஸ்பாட்டை மட்டும் நம்பினால் 25 நாள். கேம் முதல் தடவை திறக்கும் முன்பே பணத்தைத் திரும்பக் கேட்கும் காலக்கெடு தாண்டிவிடும். அதனால் 14 நாளுக்குள் இறக்கி முடிக்க வழி இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஜிஓஜியில் இந்தக் கெடு 30 நாள், விளையாடிப் பார்த்திருந்தாலும் கேட்கலாம். மெதுவான நெட்டுக்கு அது பெரிய உதவி.

இறங்கியதும் அப்டேட் எல்லாம் முடிந்ததா பாருங்கள். பாதி அப்டேட்டில் நிற்கும் கேமை ஸ்டீம் ஆஃப்லைனில் திறக்காது. நெட்டோடு ஒரு தடவை திறந்து, லாஞ்சர் கேட்டால் உள்ளே நுழைந்து, பத்து நிமிடம் விளையாடி ஒரு சேவ் போடுங்கள். இப்போது விளையாடிக்கொண்டிருக்கும்போதே வைஃபையை அணையுங்கள். கேம் தொடர்கிறதா, ஏதாவது செய்தி வந்து நிற்கிறதா, மெனுவுக்குத் தூக்கி எறிகிறதா என்று கவனியுங்கள். சில கேம்கள் உடனே எதுவும் காட்டாமல் அடுத்த சேவ் புள்ளியில்தான் முரண்டு பிடிக்கும், அதனால் ஒரு சேவ் ஆகும்வரை விளையாடுங்கள்.

பிறகு கேமை மூடி, வைஃபையைப் போட்டு, ஸ்டீமில் `Steam` மெனுவிலிருந்து `Go Offline` கொடுங்கள். திரும்ப வைஃபையை அணைத்துவிட்டுக் கணினியையே ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இப்போது கேம் திறக்கிறதா, முன்பு போட்ட அதே சேவ் திறக்கிறதா, ஆயுதங்களும் லெவலும் அப்படியே இருக்கிறதா? ஸ்டீமின் ஆஃப்லைனை மட்டும் போட்டு வைஃபையை அணைக்காமல் விட்டால் சோதனை செல்லாது. ஸ்டீம்தான் ஆஃப்லைனில் இருக்கும். கேம் தன் பாட்டுக்கு அதன் சர்வரோடு பேசிக்கொண்டிருக்கும்.

இதற்கெல்லாம் ஒரு மணி நேரம் போதும். லாஞ்சர் திறந்து சும்மா நிற்கும் நேரத்தையும் ஸ்டீம் விளையாடிய நேரமாக எண்ணும் என்பதால், சோதித்து முடித்ததும் அதையும் மூடிவிடுங்கள். ஏதாவது ஒன்றில் தோற்றால் அன்றைக்கே `help.steampowered.com` போய், அந்தக் கேமைத் தேர்ந்தெடுத்து, பணத்தைத் திரும்பக் கேளுங்கள். குறிப்பு எழுதும் பெட்டியில் நெட் இல்லாமல் ஓடவில்லை என்று ஒரு வரி போட்டால் போதும்.