குழு மாறும்போது சம்பளம் கதைத்தது

யாழ்ப்பாணத்தில் நான் வேலை செய்யும் மென்பொருள் நிறுவனத்தில், சோதனைப் பிரிவில் இருந்த என்னை இன்னொரு குழுவில் ஆறு பேரைப் பார்க்கும் பொறுப்புக்குக் கேட்டார்கள். அப்போது என் அடிப்படைச் சம்பளம் 140,000 ரூபாய்.

"உள்ளுக்க மாறுறவைக்குப் பத்து வீதம்தான் தங்கச்சி. அதையும் போக்குவரத்துப் படியாத் தருவம்" என்றார் மனிதவள அதிகாரி.

அந்தப் பத்து வீதம் பழைய வேலையை வைத்துப் போட்ட கணக்கு. அதோடு மல்லுக்கட்டாமல் ஒன்றுதான் கேட்டேன்: "அண்ணா, இதுக்கு வெளியில ஆள் எடுத்தா ஆகக் குறைஞ்சது எவ்வளவு குடுப்பியள்?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, 180,000 என்றார். பிறகு பேச்சு முழுக்க அந்தத் தொகையைச் சுற்றித்தான்.

படி வேண்டாம் என்பதில் உறுதியாக நின்றேன். எங்கள் இடத்தில் போக்குவரத்துப் படிக்குச் சேமலாப நிதி கட்டுவதில்லை. அடிப்படையில் கூடினால் நிறுவனம் கட்டும் 12 வீதமும், பின்னாளில் பணிக்கொடையும் சேர்ந்து கூடும்.

உடனே 170,000, ஆறு மாதத்தில் 180,000 என்று முடிந்தது. முதலில் வந்த கடிதத்தில் அந்த ஆறு மாத உயர்வு எழுதப்படவில்லை. திருப்பி அனுப்பி, திகதியோடு எழுதி வந்த பிறகுதான் கையெழுத்து வைத்தேன்.