‘தவறவிட்டிருக்க வேண்டும்’: ஊகம் சொல்லப் போய்க் குறை சொல்லிவிடுவது

படத்தைக் காட்டிப் பேசச் சொல்லும் ஆங்கிலத் தேர்வுகளுக்கு மாணவர்களைப் பல ஆண்டுகளாகத் தயார்செய்து வருகிறேன். கேம்பிரிட்ஜ் பி2 ஃபர்ஸ்ட் தேர்வின் பேச்சுப் பகுதியில் இரண்டு படங்களை ஒப்பிட்டு ஏறத்தாழ ஒரு நிமிடம் பேச வேண்டும். கண்ணில் படுவதை மட்டும் அடுக்கினால் அந்த நிமிடம் நிறையாது. படத்தில் இருப்பவர்கள் யார், அதற்கு முன் என்ன நடந்தது, இப்போது அவர்கள் மனநிலை என்ன என்று ஊகித்தாக வேண்டும். அந்த ஊகத்துக்கான துணைவினைகளில் நான் மாணவனாக இருந்தபோது செய்த அதே பிழையை ஒவ்வொரு புதிய வகுப்பிலும் கேட்கிறேன். வினையின் மூன்றாம் வடிவம் தவறுவது போன்ற சிறு பிழைகளைப் பயிற்சி தானே சரிசெய்துவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

‘ஷுட் ஹேவ்’ என்று தொடங்கும் ஊகம்

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் பிழை இதுதான். எனக்குத் தரப்பட்ட படத்தில், ரயில் நிலைய நடைமேடையில் ஒரு பெண் நின்றிருந்தார். புறப்பட்டுவிட்ட ரயிலின் கடைசிப் பெட்டியை நோக்கி ஒரு கையை நீட்டியிருந்தார். அவருடைய பெட்டி காலடியில் சாய்ந்து கிடந்தது. ‘ரயிலைத் தவறவிட்டிருக்க வேண்டும்’ என்று மனத்தில் தமிழில் தோன்றியதை அப்படியே ஆங்கிலமாக்கினேன்:

```
She should have missed the train.
```

தேர்வாளர் முகத்தில் மாற்றம் ஏதும் இல்லை. தேர்வு நடக்கும்போது அவர்கள் திருத்துவதில்லை. பல மாதங்கள் கழித்து ஓர் ஆசிரியரிடம் அந்த வாக்கியத்தைச் சொன்னபோதுதான் அதன் பொருளை உணர்ந்தேன். ‘அவர் ரயிலைத் தவறவிட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஆனால் தவறவிடவில்லை’ என்று நான் சொல்லியிருந்தேன். படம் காட்டியதற்கு நேர் எதிரான செய்தி அது. நான் சொல்ல நினைத்த வாக்கியம் இது:

```
She must have missed the train.
```

பிழையின் வேர் தமிழிலேயே இருக்கிறது. ‘-இருக்க வேண்டும்’ என்ற ஒரே முடிவு நமக்கு இரண்டு வேலைகளைச் செய்கிறது. ‘அவர் முன்பே கிளம்பியிருக்க வேண்டும்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீடு பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னால் அது ஊகம். அவர் கிளம்பிவிட்டார் என்று நம்புகிறோம். தாமதமாக வந்தவரைப் பற்றிச் சொன்னால் அது குறை. அவர் முன்பே கிளம்பவில்லை என்பது நமக்குத் தெரியும். சூழலும் குரலும் நமக்கு வேறுபாட்டைக் காட்டிவிடுவதால் தமிழில் குழப்பம் வருவதில்லை. ஆங்கிலத்திலோ இவை இரண்டு வெவ்வேறு சொற்கள். ‘மஸ்ட் ஹேவ்’ நடந்தது என்ற முடிவைத் தாங்குகிறது; இத்தகைய வாக்கியங்களில் ‘ஷுட் ஹேவ்’ நடக்கவில்லையே என்ற மனக்குறையைத் தாங்குகிறது. ஆகவே சொல் மாறினால் வாக்கியத்தின் அழகு குறைவதோடு நிற்பதில்லை, நிகழ்வே தலைகீழாகிவிடுகிறது.

வாய் திறக்கும் முன் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு, அதையும் தமிழிலேயே செய்யலாம். மனத்தில் உள்ள வாக்கியத்தின் முடிவை மாற்றி, ‘-விட்டார் போலிருக்கிறது’ என்று சொல்லிப் பாருங்கள். ‘ரயிலைத் தவறவிட்டுவிட்டார் போலிருக்கிறது’ என்பது பொருந்துகிறது. எனவே ‘மஸ்ட் ஹேவ்’. அடுத்து, வாக்கியத்தின் பின்னால் ‘ஆனால் அப்படிச் செய்யவில்லை’ என்று சேர்த்துப் பாருங்கள். ‘முன்பே கிளம்பியிருக்க வேண்டும், ஆனால் அப்படிச் செய்யவில்லை’ என்பது பொருந்தினால் ‘ஷுட் ஹேவ்’. சில வாரப் பயிற்சிக்குப் பிறகு இந்தச் சோதனை நொடிப்பொழுதில் முடிந்துவிடும்.

வர வேண்டிய நேரத்தை வைத்து, ‘இந்நேரம் வந்து சேர்ந்திருப்பார்கள்’ என்று எதிர்பார்ப்பைச் சொல்லவும் ‘ஷுட் ஹேவ்’ பயன்படும். அது கால அட்டவணையை நம்பிச் சொல்வது. கண்முன் கிடக்கும் தடயத்திலிருந்து பின்னோக்கிச் சென்று காரணத்தைக் கண்டுபிடிக்கும் இடத்தில் அது உதவாது. படப் பகுதியில் நாம் செய்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலையைத்தான்.

கருத்துச் சொல்லும் பகுதியில் இந்தப் பிழை இன்னும் மறைந்து நிற்கும், ஏனெனில் அங்கே இரண்டு சொற்களுக்குமே இடம் உண்டு. கைபேசி வருவதற்கு முன் மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் கூடுதலாகப் பேசியிருக்க வேண்டும் என்று ஒரு மாணவி சொல்ல விரும்பினார். அவர் ‘ஷுட் ஹேவ்’ என்று சொன்னதும், அவரோடு பேசிக்கொண்டிருந்த மாணவர் அதை முந்தைய தலைமுறை மீதான குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டு அவர்களுக்காக வாதாடத் தொடங்கினார். அந்த மாணவி பாராட்டத்தான் வந்திருந்தார். உரையாடல் முடியும்வரை இருவருக்கும் எங்கே பிசகியது என்று புரியவில்லை.

தடயம் தாங்காத ‘மஸ்ட்’

சரியான சொல்லைக் கற்றுக்கொண்டவுடன் மாணவர்கள் அதை எல்லா இடத்திலும் போடத் தொடங்குகிறார்கள். மீண்டும் அந்த நடைமேடைக்கு வருவோம். நகரும் ரயில், ஒரு பெண், ஒரு பெட்டி ஆகிய மூன்று மட்டுமே படத்தில் இருந்தால், அவர் அந்த ரயிலிலிருந்து இப்போதுதான் இறங்கியவராகவும் இருக்கலாம். அப்போது ‘மஸ்ட் ஹேவ்’ மிகைக்கூற்று. ‘மைட் ஹேவ்’ அல்லது ‘குட் ஹேவ்’ என்பதே நேர்மையான அளவு. ரயிலை நோக்கி நீட்டிய கைதான் கணக்கை மாற்றுகிறது. இறங்கி வந்தவர் ரயிலைப் பிடிக்கப் பாய மாட்டார் என்பதால் மற்ற விளக்கம் வலுவிழக்கிறது, ‘மஸ்ட்’ நிற்கத் தரை கிடைக்கிறது. இந்தக் காரணத்தையும் ‘பிகாஸ்’ என்று தொடங்கிச் சொல்லிவிட வேண்டும்:

```
She must have missed the train, because
she is reaching out towards it.
```

காரணத்தைச் சேர்க்கும் பழக்கத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. காரணம் வாயில் வரவில்லை என்றால், ‘மஸ்ட்’ அந்த இடத்துக்கு உரியதல்ல என்பது பேசுபவருக்கே தெரிந்துவிடும்.

இப்போதைய நிலைக்கு ‘மஸ்ட் ஹேவ் பீன்’

படம் என்றோ எடுக்கப்பட்டது என்பதால் எல்லாவற்றையும் இறந்தகாலத்தில் சொல்ல வேண்டும் என்று சிலர் எண்ணுகிறார்கள். படத்தைப் பற்றிப் பேசும்போது அது நம் கண்முன் இப்போது நடப்பதாகவே கொள்கிறோம். அந்தப் பெண்ணின் முகத்தில் தெரியும் ஏமாற்றத்துக்கு ‘மஸ்ட் பி’ போதும். படத்தின் நொடிக்கு முன்னால் நடந்ததற்குத்தான் ‘மஸ்ட் ஹேவ்’. நடைமேடை ஈரமாக இருக்கிறது, ஆனால் வானம் வெளுத்திருக்கிறது என்றால், முன்பு பெய்துகொண்டிருந்த மழைக்கு ‘மஸ்ட் ஹேவ் பீன் ரெயினிங்’ சரியாகப் பொருந்தும். எல்லோரும் குடை விரித்திருந்தால் மழை இப்போதும் பெய்கிறது. அப்போது ‘மஸ்ட் பி ரெயினிங்’.

‘கேன் பி’

படத்தில் உள்ள குறிப்பிட்ட இருவரைப் பார்த்து ‘சகோதரிகளாக இருக்கலாம்’ என்று ஊகிக்க ‘கேன்’ உதவாது; ‘மைட்’, ‘மே’, ‘குட்’ ஆகியவற்றில் ஒன்றைச் சொல்லுங்கள்.

‘மஸ்டன்ட்’

அது தடை விதிக்கும் சொல். ‘அவர் இறங்கி வந்தவராக இருக்க முடியாது’ என்பதற்கு ‘கான்ட் ஹேவ்’.